தவறான ஒர்க்ஷீட்: கதையில் திருத்த முடியாதது எது?

கேள்வி: "ஒரு டீச்சர் தவறான ஒர்க்ஷீட்டை அப்லோட் செய்துவிட்டார். மாணவர்கள் வகுப்புக்குள் வந்துகொண்டிருக்கும்போதுதான் அது அவருக்குத் தெரிகிறது. இதை வைத்து ஆயிரம் வார்த்தையில் ஒரு சிறுகதை எழுதினேன். படித்த மூன்று பேரும் 'சரியானதைத் திரும்பப் போட்டால் முடிந்ததே, இதில் என்ன கதை?' என்று கேட்கிறார்கள். பதற்றத்தை இன்னும் கூட்ட வேண்டுமா?"

பதற்றத்தைக் கூட்ட வேண்டாம். அந்த மூன்று பேரும் கதையின் ஓட்டையைச் சரியாகத் தொட்டுவிட்டார்கள். டீச்சரின் கை நடுங்குவதையும் வியர்ப்பதையும் நீங்கள் இரண்டு பக்கம் எழுதினாலும், "மாற்றிவிட்டால் போச்சு" என்ற எண்ணம் வாசகர் மனத்தில் இருக்கும்வரை அந்த நடுக்கம் அவரைத் தொடாது. நீங்கள் தேட வேண்டியது, ஒர்க்ஷீட்டை மாற்றிய பிறகும் மாறாமல் நிற்பது எது என்பதை. அந்தச் சம்பவத்துக்குள் அப்படி ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, அந்த அப்லோட் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தக் கருவை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் அதுதான்.

கூகுள் கிளாஸ்ரூமை எடுத்துக்கொள்வோம். டீச்சர் ஓர் அசைன்மென்டில் கோப்பை இணைக்கும்போது, மாணவருக்கு அது எப்படிக் கிடைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். Students can view file என்று விட்டால் எல்லோரும் ஒரே கோப்பைப் பார்க்கிறார்கள். Make a copy for each student என்று கொடுத்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் பெயரோடு தனித்தனிப் பிரதி உருவாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் கதையின் தலையெழுத்து இருக்கிறது. தனிப்பிரதி என்றால், டீச்சர் தன் மூலக்கோப்பை எப்படித் திருத்தினாலும் ஏற்கெனவே குழந்தைகளிடம் போன பிரதிகளில் ஓர் எழுத்துகூட மாறாது. தவறு எல்லோர் கையிலும் அப்படியே கிடக்கும், எல்லோருக்கும் தெரியும், டீச்சர் ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. அதில் தேர்வு செய்ய ஒன்றும் இல்லாததால் கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

பார்வைக்கு மட்டும் விட்ட பிடிஎஃப் என்றால் நிலைமை வேறு. டீச்சர் கூகுள் டிரைவில் அந்தக் கோப்பைத் தேடி, அதன் மெனுவில் File information, Manage versions என்று போய் Upload new version கொடுத்து, சரியான பிடிஎஃபை ஏற்றலாம். கோப்பு கைவசம் இருந்தால் ஒரு நிமிட வேலை. இணைப்பு பழையதேதான். உள்ளே இருக்கும் பக்கம் மட்டும் மாறிவிடும். கிளாஸ்ரூம் பதிவு தொடப்படாததால் மாணவர்களுக்குப் புதிய அறிவிப்பு போகாது. திறந்து பார்க்கும் குழந்தைக்கு, முதலிலிருந்தே இதுதான் இருந்தது என்று தோன்றும். இதற்கு மாறாக, கிளாஸ்ரூமில் அந்தப் பதிவையே Edit செய்து இணைப்பை எடுத்துவிட்டு வேறு கோப்பை வைத்தால், பதிவின் தேதிக்குப் பக்கத்தில் Edited என்று ஒரு சுவடு தங்கும். அசைன்மென்டையே அழித்தால் அதற்கான மதிப்பெண்களும் கருத்துகளும் சேர்ந்து போய்விடும். ஆனால் முதலில் பதிவிட்டபோது மாணவர்களுக்குப் போன மின்னஞ்சல், அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும்.

இவை எல்லாவற்றையும் கதையில் கொட்டச் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சுவடு தெரியாமல் மாற்ற முடியும் என்பது. திரையில் வரும் சொற்கள் காலப்போக்கில் மாறும், பள்ளி வேறு தளத்தைப் பயன்படுத்தலாம், அதனால் பொத்தான்களின் பெயரைக் கதையில் எழுதவே வேண்டாம். "பழைய பக்கம் இருந்த இடத்தில் புதியது போய் உட்கார்ந்துகொள்ளும், யாருக்கும் எந்த மணியும் அடிக்காது" என்று ஒரு வரி, கதையின் முதல் பாதியில், எதேச்சையாக வருவதுபோல வந்தால் போதும். பின்னால் நடக்கப்போவது எல்லாம் அந்த வரியின் மேல்தான் நிற்கும்.

அடுத்து, தவறு என்றால் எந்த அளவு தவறு? உங்கள் கதையில் "வேறு ஏதோ ஒர்க்ஷீட்" என்று மட்டும் இருக்கிறது என்றால், அங்கேயே பாதி கதை நழுவிவிட்டது. முற்றிலும் வேறு வகுப்புக்கான தாள் என்றால் குழந்தைகள் பார்த்தவுடன் சிரிப்பார்கள், யாருக்கும் எதுவும் ஆகாது. விடைத்தாளைப் போட்டுவிட்டார் என்றால் அது ரகசியம் கசிந்த கதையாகிவிடும். மற்ற மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் போட்டுவிட்டார் என்றால் அது இன்னும் பெரிய, வேறு ஒரு கதை. அதை ஆயிரம் வார்த்தையில் அடக்குவது கஷ்டம். என் கணிப்பில் மிக வளமானது, ஒரே ஒரு படி தள்ளிப்போன தாள்: அதே பாடம், அதே தலைப்பு, ஆனால் குழந்தைகளுக்கு இன்னும் சொல்லித்தராத அடுத்த பகுதி. அதில் குழந்தைக்குத் தாள் தவறு என்று தெரியாது. தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். 10 வயதுக் குழந்தைகள், பாடம் பின்னங்களின் கூட்டல். போட வேண்டியது ஐந்தாம் ஒர்க்ஷீட், ஓரினப் பின்னங்கள்: 3/8 + 2/8, 1/5 + 3/5 என்று பகுதி எண்கள் ஒன்றாகவே இருக்கும், மேலே உள்ள தொகுதியை மட்டும் கூட்டினால் போதும். போட்டது ஆறாம் ஒர்க்ஷீட், வேற்றினப் பின்னங்கள்: 1/2 + 1/3, 1/2 + 1/4, 2/3 + 1/4. இவற்றைக் கூட்டுமுன் பகுதிகளைச் சமமாக்க வேண்டும். 1/2 என்பதை 3/6 என்றும், 1/3 என்பதை 2/6 என்றும் மாற்றினால் விடை 5/6. அந்த வழி இந்தக் குழந்தைகளுக்கு இன்னும் தெரியாது.

தெரியாத குழந்தை என்ன செய்யும்? வெறுமனே விட்டுவிடாது. பெரும்பாலும் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி 2/5 என்று எழுதும். பின்னம் சொல்லித்தருகிற எல்லோருக்கும் பழக்கமான பிழை இது. கவனக்குறைவால் வருவது அல்ல. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு முழு எண்களாகப் பார்ப்பதால் வருவது. 2/5 என்பது 1/2ஐ விடச் சின்னது. அதாவது பாதியோடு இன்னொரு துண்டைச் சேர்த்த பிறகு பாதியை விடக் குறைவாகக் கிடைத்திருக்கிறது. ஒரு குழந்தை இதைக் கவனிக்கலாம், கவனிக்காமலும் போகலாம்.

கதைக்கு நான் பயன்படுத்துவது இரண்டாவது கணக்கை. 1/2 + 1/4 என்பதில் ஒரு விசேஷம் உண்டு. விதி தெரியாத குழந்தைகூடப் படம் வரைந்தால் விடையைக் கண்டுபிடித்துவிடும். ஒரு வட்டத்தில் பாதியை நிழலிட்டு, மீதிப் பாதியில் பாதியை நிழலிட்டால் 3/4 கண்ணுக்குத் தெரிகிறது. அதே குழந்தை, முதல் கணக்கில் செய்ததையே இங்கும் செய்தால் 2/6 வரும். கையில் இரண்டு விடைகள். படம் ஒன்று சொல்கிறது, விதி என்று தான் நம்புவது வேறொன்று சொல்கிறது. பள்ளியில் விதிதான் பெரும்பாலும் ஜெயிக்கும் என்று பழகிய குழந்தை, சரியான 3/4ஐ அடித்துவிட்டு 2/6ஐ எழுதும். அந்த அடித்தல் கோடு உங்கள் கதைக்குக் கிடைக்கும் மிக நல்ல பொருள். முந்தின நாள் மாலை ஒரு குழந்தை நோட்டின் முன் தனியாக எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அந்த ஒரு கோடே சொல்லிவிடும். உங்கள் வார்த்தைகளில் விளக்கவே வேண்டியதில்லை.

இப்போது தவறு எப்படி நேர்ந்தது என்பது. இதற்கு ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது சரியான வாக்கியமாக இருக்க வேண்டும். மனிதப் பிழைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், 1990இல் வெளியான தம் ஆய்வில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். திட்டம் சரியாக இருந்து கை மட்டும் தவறிப்போவது ஒன்று. திட்டமே தவறாக இருப்பது இன்னொன்று. உங்கள் டீச்சருடையது முதல் வகை. எந்தத் தாள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பலமுறை செய்து பழகிய வேலை என்பதால் கண் முழுதாக அங்கே இல்லை. Fractions_5_final.pdf, Fractions_6_final.pdf என்று இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நீளமான பெயர்களில் வித்தியாசம் ஒரே ஓர் எண்தான். கை ஒரு வரி கீழே போய்விட்டது. இதற்குமேல் காரணம் தேவையில்லை. டீச்சருக்கு வீட்டில் பிரச்சினை, தூக்கம் இல்லை, மேலதிகாரியின் தொல்லை என்று காரணங்களை அடுக்கினால், கதை அவரை மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சுவதுபோல ஆகிவிடும்.

கை தவறும் பிழைக்கு இன்னொரு குணம் உண்டு, அது உங்களுக்கு நேரடியாக உதவும். உட்கார்ந்து யோசித்து அதைக் கண்டுபிடிப்பது அரிது. விளைவு கண்ணில் படும்போதுதான் பளிச்சென்று பிடிபடும். அதனால் "திடீரென்று அவளுக்கு ஞாபகம் வந்தது" என்று எழுதினீர்கள் என்றால் அதை எடுத்துவிடுங்கள். அவர் பார்க்க வேண்டும். புரொஜெக்டரைப் போடுகிறார், பக்கம் திரையில் விரிகிறது. இரண்டு தாளுக்கும் தலைப்பு ஒன்றே என்பதால் முதல் பார்வையில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு கண் கீழே இறங்குகிறது. வாசகரும் அதே வரிசையில் பார்க்கட்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்:

"திரையில் தலைப்பு வந்தது. பின்னங்களைக் கூட்டுவோம். அவள் சாக்பீஸை எடுக்கத் திரும்பினாள். பாதி திரும்பியவள் அப்படியே நின்றாள். முதல் கணக்கில் கோட்டுக்குக் கீழே 2 இருந்தது. பக்கத்துக் கோட்டுக்குக் கீழே 3. இரண்டும் ஒரே எண்ணாக இருந்திருக்க வேண்டும். முதல் வரிசையில் ஒரு பை தொப்பென்று விழுந்தது. குட் மார்னிங் மிஸ் என்றது ஒரு குரல். அவளும் குட் மார்னிங் சொன்னாள்."

இந்தப் பத்தியில் பதற்றம் என்ற சொல்லே இல்லை. 2, 3 என்ற இரண்டு எண்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவள் வணக்கத்துக்குச் சாதாரணமாகப் பதில் சொல்வதையும் கவனியுங்கள். அந்தச் சாதாரணக் குரலில்தான் மறைத்தல் தொடங்குகிறது.

இனி கதையின் நடுப்பகுதி. மாணவர்கள் உள்ளே வந்து, இடம் பிடித்து, கருவிகளைத் திறக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். டீச்சர் என்ன செய்வார்? நம்மில் பலரும் செய்வதைத்தான். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, குனிந்து, சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடுவார். உங்கள் வாசகர்கள் மூவரும் சொன்ன தீர்வை அவரே செய்யட்டும், கதையின் பாதியிலேயே செய்யட்டும், அது வெற்றியும் பெறட்டும். சரியான பக்கம் ஏறிவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. வாசகர் மூச்சு விடுவார். உங்கள் கதை உண்மையில் தொடங்குவது இங்கே.

ஏனென்றால் ஒரு குழந்தை நேற்று மாலையே பக்கத்தைத் திறந்து, கணக்கு முழுவதையும் நோட்டில் செய்துகொண்டு வந்திருக்கிறது. எந்த வகுப்பிலும் முன்கூட்டியே செய்துவிடுகிற ஒருவர் இருவர் உண்டு. அந்தக் குழந்தை இப்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறது. திரையில் 3/8 + 2/8. நோட்டில் 1/2 + 1/3. மறுபடி பார்க்கிறது. பக்கத்துப் பையன் திரையில் இருப்பதையே எழுதிக்கொண்டிருக்கிறான். அசைன்மென்ட் அதேதான், தலைப்பு அதேதான். அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம்: நான் தப்பான பக்கத்தைச் செய்துவிட்டேன்.

டீச்சர் யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் மாற்றியதால் அவருடைய தவறு அந்தக் குழந்தையின் தவறாக இடம் மாறிவிட்டது. கோப்பை மாற்றலாம், நேற்று மாலையை மாற்ற முடியாது. இதைத்தான் ஆரம்பத்தில் தேடச் சொன்னேன். "மாற்றினால் முடிந்ததே" என்று கேட்ட வாசகர், மாற்றியதே பிரச்சினையாக நிற்பதைப் பார்ப்பார். இங்கே டீச்சருக்கு ஓர் உண்மையான தேர்வும் கிடைக்கிறது: பேசாமல் இருக்கலாம், அந்தக் குழந்தை அமைதியானது, எதுவும் கேட்காது. அல்லது எல்லோர் முன்னாலும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அந்தக் குழந்தையை அழவைக்காதீர்கள், முறையிடவும் வைக்காதீர்கள். நோட்டைக் கையால் மறைத்துக்கொள்ளட்டும், அல்லது அந்தப் பக்கத்தைச் சத்தம் வராமல் கிழிக்கத் தொடங்கட்டும். எனக்குப் பிடித்தது அழிப்பான். முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறாள். டீச்சர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வரும்போது மேசையில் அழிப்பான் துகள்களைப் பார்க்கிறார். பாதி அழிந்த பக்கத்தில், அடித்த 3/4 இன்னும் இருக்கிறது. டீச்சருக்கு மட்டும்தான் தெரியும், அந்தக் குழந்தை அடித்ததுதான் சரியான விடை என்று. ஒரு கணித ஆசிரியரின் கண்ணுக்கு அந்த ஒரு வரியில் நேற்று மாலை முழுவதும் தெரிந்துவிடும். முன்னால் பின்னங்களை அவ்வளவு துல்லியமாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் இந்த இடத்தில் கிடைக்கும். கணக்குத் தெரியாத வாசகருக்கும் 1/2 + 1/4 = 3/4 என்பது புரிந்துவிடும் என்பதால் விளக்கம் எழுதி வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்காது. 2/3 + 1/4இன் விடை 11/12 என்பதை யாரும் மனத்தில் போட்டுப் பார்க்கமாட்டார்கள், அதைக் கதையில் முன்னிறுத்தாதீர்கள்.

பேச்சு மிகக் குறைவாக இருக்கட்டும்.

"மிஸ், நான் வேற எதையோ செஞ்சுட்டு வந்துட்டேன்."

"காட்டு."

"அழிச்சுட்டேன் மிஸ். பாதி."

"நேத்து நீ பாத்தது இதுதானே? அது நான் தப்பாப் போட்டது. காலையில மாத்திட்டேன், யார்கிட்டயும் சொல்லல."

இந்த உரையாடலில் டீச்சரின் கடைசி வரியில் இரண்டு ஒப்புதல்கள் இருக்கின்றன: தப்பாகப் போட்டது ஒன்று, சொல்லாமல் மாற்றியது இன்னொன்று. முதலாவதைச் சொல்வது எளிது. இரண்டாவதுதான் கடினம், அதுதான் இந்தக் கதையின் எடை. அதைச் சொல்லவைக்காமல் "மன்னிச்சுக்கோ" என்று மட்டும் முடித்தால், கதை மறுபடியும் வெறும் தவறான அப்லோட் பற்றியதாகச் சுருங்கிவிடும். அவர் இதைக் குழந்தையிடம் மெதுவாகச் சொல்கிறாரா, வகுப்புக்கே கேட்கும்படி சொல்கிறாரா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மெதுவாகச் சொன்னால் அந்தக் குழந்தை மட்டும் தேறும், பக்கத்துப் பையனின் பார்வையில் அவள் இன்னும் தப்பாகச் செய்தவள்தான். என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் முதலாவதைச் செய்துவிட்டு, அது போதவில்லை என்று டீச்சர் உணர்வதும் நல்ல கதைதான்.

தமிழில் எழுதுவதால் மட்டும் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, டீச்சரை அவள் என்று எழுதுவதா அவர் என்று எழுதுவதா என்பது. அவர் என்றால் நாம் மாணவர்களின் இருக்கையிலிருந்து மரியாதையோடு பார்க்கிறோம். அவள் என்றால் அவள் தலைக்குள் இருக்கிறோம். கேள்வியில் நீங்கள் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள், கதையிலும் அப்படியே இருந்தால் அதுவும் ஒரு தடையாக இருக்கலாம். மறைப்பதற்கு அவள் எடுக்கும் அந்த ஒரு நிமிட முடிவுக்குள் வாசகர் இருக்க வேண்டும் என்பதால், கதை முழுக்க அவள் என்றே வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை பேசும்போது மிஸ் என்றோ டீச்சர் என்றோ வரும், கதைசொல்லி மட்டும் அவள் என்பான். அந்த இடைவெளியே, வகுப்பில் அவள் வகிக்கும் இடத்துக்கும் உள்ளே அவள் இருக்கும் நிலைக்கும் உள்ள தூரத்தைக் காட்டும். நடுவில் மாற்றி மாற்றி எழுதுவதுதான் கூடாது.

இன்னொன்று, விடு என்ற துணைவினை. "அவள் ஆறாம் தாளை ஏற்றினாள்" என்பது வெறும் செய்தி. "ஏற்றிவிட்டாள்" என்றால் இனித் திரும்பாது என்ற தொனி வந்துவிடுகிறது. பலர் இப்படிப்பட்ட கதையில் வரிக்கு ஒரு விட்டாள் போடுகிறார்கள்: பார்த்துவிட்டாள், திகைத்துவிட்டாள், உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் உண்மையிலேயே திரும்பாத ஒன்று வரும்போது சொல்லுக்கு வலு இருக்காது. அப்லோட் நடந்ததைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லுங்கள், அது திருத்தக்கூடியதுதானே. "அழிச்சுட்டேன் மிஸ்" என்று குழந்தை சொல்லும் இடத்துக்காக அந்த விடுவைச் சேமித்து வையுங்கள்.

முடிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவில் எழுதும் பலரும் போய் விழும் பள்ளம் ஒன்று உண்டு: தவறான ஒர்க்ஷீட்டே அற்புதமான பாடமாகிவிடுகிறது, சொல்லித்தராததைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள், டீச்சர் கண்கலங்குகிறார். இதற்கு ஆய்வு ஆதாரம் இருப்பதாகச் சிலர் சொல்லக்கூடும். பாடம் நடத்துவதற்கு முன்பே கடினமான கணக்கைக் கொடுத்துத் திணறவிட்டு, பிறகு சொல்லித்தரும் முறையை மனு கபூர் என்ற ஆய்வாளர் 2008 முதல் எழுதிவருகிறார். பயனுள்ள தோல்வி என்று அதைச் சொல்லலாம். கருத்தைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பதற்குக் கணிசமான சான்றுகள் உண்டு. ஆனால் அங்கே கணக்குகள் திணறுவதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. குழந்தைகள் போட்ட தவறான வழிகளையும் சரியான வழியையும் ஒப்பிட்டு ஆசிரியர் பிறகு விரிவாகப் பாடம் நடத்துகிறார். பலன் தெளிவாகத் தெரிவதும் பெரும்பாலும் மேல்வகுப்பு மாணவர்களிடம்தான். தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் இது எவ்வளவு உதவும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, அடுத்த பாடத்தின் பயிற்சித்தாளோடு போராடிய 10 வயதுக் குழந்தைக்கு அதே பலன் ஒரே பீரியடில் கிடைத்துவிட்டதாக எழுதினால், வகுப்பில் நின்று பழகிய வாசகர் நம்பமாட்டார்.

நம்பும்படி நடக்கக்கூடியது இதைவிடச் சின்னது. டீச்சர் அன்றைய ஓரினப் பின்னங்களைத்தான் நடத்துவார், ஏனென்றால் அதுதான் அடுத்த படிக்கு அடிப்படை. ஆனால் போர்டின் ஓரத்தில் ஒரு வட்டம் வரைந்து, பாதியை நிழலிட்டு, மீதியில் பாதியை நிழலிட்டு, எதுவும் சொல்லாமல் விடலாம். அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் அது என்ன என்று தெரியும். எனக்கு இந்த அளவே போதுமானதாகப் படுகிறது.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆயிரம் வார்த்தையில் கண்டுபிடிக்கும் கணம் வரை 150 வார்த்தைக்கு மேல் வேண்டாம். மறைத்து மாற்றுவதற்கு 250. நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கும் குழந்தைக்கு 300, இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். மீதி, பேச்சுக்கும் முடிவுக்கும். உங்கள் இப்போதைய பிரதியில் மாணவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே பாதிக் கதை போய்விட்டது என்றுதான் ஊகிக்கிறேன், ஏனென்றால் பதற்றத்தைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் வெட்ட வேண்டியது அந்தப் பகுதியை. வெட்டிய பிறகு முதல் வரியாக எதை வைப்பது என்று குழப்பம் வந்தால், திரையில் அந்தத் தலைப்பு தோன்றும் வரியிலிருந்தே தொடங்கிப் பாருங்கள்.